போர்க்கால அடிப்படையில் ஒரு குறுஞ்செய்தி

போன மாதம் 14ஆம் தேதி மதியம் 12:40க்கு என் செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. எங்கள் வீட்டுக்கு நெட் கனெக்‌ஷன் கொடுத்திருக்கும் கம்பெனி அனுப்பியது. கம்பெனியின் பெயர் வேண்டாம். உங்கள் போனைத் துழாவிப் பார்த்தால் இதே அச்சில் வார்த்த ஒன்று அதிலும் கிடக்கும். ஓர் எழுத்து மாற்றாமல் தருகிறேன்:

"அன்பார்ந்த வாடிக்கையாளரே, வணக்கம். தங்களுக்குத் தரமான சேவை வழங்குவதே எங்கள் குறிக்கோள். தவிர்க்க இயலாத காரணங்களால், மூன்றாம் தரப்பினரின் பணியின்போது எங்கள் ஃபைபர் பாதையில் ஏற்பட்ட சேதத்தின் விளைவாக, சில பகுதிகளில் இணையச் சேவையில் இடையூறு ஏற்பட்டுள்ளது. எங்கள் தொழில்நுட்பக் குழு போர்க்கால அடிப்படையில் சீரமைப்புப் பணியில் ஈடுபட்டுள்ளது. சேவை விரைவில் சீராகும். மேலும் விவரங்களுக்கு எங்கள் ஆப்பைப் பார்க்கவும். ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்."

படித்து முடித்ததும் எனக்குத் தெரிந்தது என்ன? கம்பெனிக்கு ஒரு குறிக்கோள் இருக்கிறது. யாரோ மூன்றாம் தரப்பினர் தப்பு செய்துவிட்டார்கள். எங்கோ போர் நடக்கிறது. என் வீடு அந்தச் "சில பகுதி"க்குள் வருகிறதா, நெட் எப்போது திரும்பும், அதுவரை நான் என்ன செய்வது என்ற மூன்று கேள்விக்கும் பதில் இல்லை. ஆப்பைப் பார்க்கச் சொல்வது இருக்கிறதே, அதற்குத் தனியாக ஒரு பரிசு கொடுக்கலாம். நெட் இல்லை என்று சொல்லிவிட்டு, விவரத்துக்கு நெட்டில் போய்ப் பார் என்கிறார்கள்.

நான் முப்பது வருடம் கேபிள் வேலையில் இருந்தவன். குழிக்குள் இறங்கி நிற்கிறவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அன்று அவர்கள் மழையில் நனைந்துகொண்டே வேலை செய்ததை நானே பார்த்தேன். என் சண்டையெல்லாம் இந்தச் செய்தியை எழுதியவரோடுதான். நாலு வாக்கியத்தை முன்பின்னாக மாற்றிப் போட்டிருந்தால் எங்கள் மாடி வீட்டு டீச்சர் அன்று பட்ட பாட்டைப் பட்டிருக்க வேண்டியதில்லை.

டீச்சருக்கு எழுபது தாண்டிவிட்டது. சாருக்கு அவரைவிட நாலைந்து வயது கூட, சர்க்கரை வேறு. டீச்சர் செல்போன் வைத்திருக்கிறார், ஆனால் பேசுவதெல்லாம் லேண்ட்லைனில். டாக்டர் நம்பர், மகன் நம்பர் எல்லாம் அந்தப் போன் பக்கத்து டைரியில் இருக்கிறது. மதியம் வந்த குறுஞ்செய்தியை அவரும் படித்திருக்கிறார். "இணையச் சேவை"யில் இடையூறு என்று இருந்ததா, நாம்தான் நெட்டே பார்ப்பதில்லையே என்று செல்போனை அலமாரியில் வைத்துவிட்டார். நாலு மணிக்குச் சாருக்குச் சர்க்கரை இறங்கி, வேர்த்துக் கொட்டி, பேச்சு குழறியது. டீச்சர் லேண்ட்லைனை எடுத்தார். சத்தமே இல்லை. ஒயரைப் பிடுங்கிச் செருகினார், தட்டிப் பார்த்தார், மறுபடி பிடுங்கினார். பத்து நிமிடம் அதிலேயே போனது. அப்புறம்தான் படியில் நின்று என்னைக் கூப்பிட்டார். நான் என் செல்போனில் டாக்டரைப் பிடித்தேன். அவர் சொன்னபடி சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தோம். கால் மணி நேரத்தில் சார் தெளிந்துவிட்டார். இல்லையென்றால் நான் இதை இந்தத் தொனியில் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நம் வயதுக்காரர்கள் பலருக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். பழைய லேண்ட்லைன் செம்புக் கம்பியில் வந்தது. அதற்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வரும். வீட்டில் கரண்ட் போனாலும் போன் பேசும். இப்போது பல வீடுகளில் பழைய நம்பர் அப்படியே இருக்க, கம்பி மட்டும் மாறிவிட்டது. சுவரில் மாட்டியிருக்கும் நெட் பெட்டியிலிருந்துதான் போனுக்கும் ஒயர் போகிறது. அந்தக் கண்ணாடி இழை அறுந்தால் நெட்டும் போச்சு, போனும் போச்சு. வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும், பெட்டிக்குத் தனி பேட்டரி இல்லையென்றால், இரண்டும் போச்சு. ஆகவே "இணையச் சேவையில் இடையூறு" என்று மட்டும் எழுதியது அரைகுறைச் செய்தி. "இன்று உங்கள் போனும் பேசாது" என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, தரமான சேவையே குறிக்கோள் என்பதைச் சொல்ல இடம் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அன்று ராத்திரி உட்கார்ந்து அந்தச் செய்தியை ஒரு பென்சிலால் திருத்தினேன்.

முதலில் "அன்பார்ந்த வாடிக்கையாளரே, வணக்கம்" என்பதை அடித்தேன். மரியாதை தெரியாதவன் என்று நினைக்காதீர்கள், அதற்குக் கணக்கு இருக்கிறது. ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்து பிடிக்கும். தமிழில் எழுதினால் 70தான். அதிலும் நாம் எண்ணும் எழுத்து வேறு, போன் எண்ணும் எழுத்து வேறு. புள்ளி, கொம்பு, கால் எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் பிடித்துக்கொள்ளும். "தெரு" நமக்கு இரண்டு எழுத்து, போனுக்கு நாலு. "விரைவில்" நமக்கு நாலு, அதற்கு எட்டு. இந்தக் கணக்கில் "அன்பார்ந்த வாடிக்கையாளரே, வணக்கம்." என்பது மட்டும் 34 இடம். எழுபதில் கிட்டத்தட்டப் பாதி. எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டு துண்டாகப் போய், போனுக்குள் ஒட்டிக்கொள்ளும், அது பரவாயில்லை. ஆனால் போனைத் திறக்காமல் மேலாகப் பார்க்கும்போது தெரிவது முதல் ஒன்றிரண்டு வரிதான். சமையலறையில் கை ஈரமாக நிற்கிறவர், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவர் அதைத்தான் பார்ப்பார்கள். அந்த இடத்தில் வணக்கம் சொல்லித் தீர்த்துவிட்டால் சேதியை எங்கே வைப்பது? தந்தி அடித்த தலைமுறை நாம். 2013 ஜூலையில் தந்தியை மூடும் வரை, சொல்லுக்குச் சொல் காசு கொடுத்ததால், முதல் சொல்லிலேயே விஷயத்தைச் சொல்லத் தெரிந்திருந்தது.

அடுத்து "சில பகுதிகள்". அறுந்தது எந்தக் கேபிள், அதில் எந்தெந்தத் தெருவின் இணைப்பு ஓடுகிறது என்பது கம்பெனியின் கணினியில் இருக்கிறது. இல்லாவிட்டால் எனக்கு மட்டும் எப்படிக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள்? கேட்டால் அவர்கள் மொழியில் ஏதாவது நம்பரும் "சோன்" பெயரும் சொல்வார்கள். அதுவும் உதவாது. வீட்டு விலாசத்தில் என்ன எழுதுகிறோமோ அந்தப் பெயர்தான் வேண்டும். எங்களுக்கு அது சன்னதி தெருவும் மாட வீதியும். பேப்பரில் வரும் மின்தடை அறிவிப்பைப் பாருங்கள். எந்தெந்த ஊர், எந்தெந்தத் தெரு என்று வரிசையாக இருக்கும். காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை என்று இருக்கும். படிக்கிறவர் தன் தெருப் பெயரைத் தேடுவார், இருந்தால் மாவு அரைப்பதை முன்னாலேயே முடித்துக்கொள்வார். அது முன்கூட்டியே திட்டமிட்ட வேலை, இது திடீரென்று நேர்ந்தது, இரண்டும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெருப் பெயரைச் சொல்வதற்குத் திட்டமிடல் எதற்கு?

இனி "விரைவில்". இதுதான் எனக்கு ஆத்திரம் மூட்டும் சொல். நேரம் சொல்ல முடியாது என்பார்கள். அன்றைக்கு முடியுமா முடியாதா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். மழைநீர்க் கால்வாய் தோண்டிய ஜேசிபி காலை 11:15க்குக் கேபிளை அறுத்தது. தெருவே நின்று பார்த்தது. வழக்கமாக அறுந்த இடத்தைத் தேடவே நேரம் பிடிக்கும். எக்ஸ்சேஞ்சிலிருந்து ஓ.டி.டி.ஆர். என்ற கருவியால் இழைக்குள் ஒளியை அனுப்பி, அது எத்தனை மீட்டரில் திரும்புகிறது என்று பார்த்து, அந்த இடத்துக்கு நடக்க வேண்டும். இங்கே அந்த வேலையும் மிச்சம். அறுந்தது 24 இழைக் கேபிள். ஜேசிபி இழுத்து அறுத்த கேபிளை அப்படியே முனைக்கு முனை ஒட்ட முடியாது. இரண்டு பக்கமும் நசுங்கிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டு நடுவே புதுத் துண்டு போட வேண்டும். ஆக இரண்டு ஜாயிண்ட், 24 இழை இரண்டு தடவை, 48 ஒட்டு. ஓர் இழையை உரித்து, துடைத்து, நேராக வெட்டி, மிஷினில் வைத்து உருக்கி ஒட்டி, மேலே உறை போட்டுச் சூடாக்க, ஒரு பழகிய கைக்கு ஐந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். 48 ஒட்டுக்கு நாலு மணி நேரம். குழியைச் சரிசெய்து புதுத் துண்டு இழுக்க இரண்டு மணி. சோதித்து மூட ஒரு மணி. மழைக்கு இரண்டு மணி கூடுதலாகப் போட்டாலும், 12:40க்கு ஆரம்பித்தால் இரவு 9:40. இரவு 10 என்று சொல்லிவிடலாம். உண்மையில் எங்களுக்கு நெட் திரும்பியது 9:10க்கு.

இந்தக் கணக்கைக் குழியில் நிற்கிற சூப்பர்வைசர் விரல்விட்டுச் சொல்வார். செய்தி எழுதுகிறவர் அவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான். அந்த நேரத்தையும் கடிகார நேரமாகத்தான் எழுத வேண்டும். "8 மணி நேரத்தில்" என்றால் எப்போதிலிருந்து எட்டு? செய்தியை நான் மூன்று மணிக்குப் பார்த்தால் பதினொன்று என்று நினைத்துக்கொள்வேன். "இன்று" என்ற சொல்கூட ஆபத்து. போனை அணைத்து வைத்திருந்தவருக்கு அந்த "இன்று" மறுநாள் காலைதான் வந்து சேரும்.

நிஜமாகவே நேரம் தெரியாத வேளைகளும் உண்டு. எங்கே அறுந்தது என்றே தெரியவில்லை, ஆற்றுப் பாலத்தில் தண்ணீர் ஓடுகிறது, கிட்டே போக முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் "விரைவில்" வேண்டாம். "அடுத்த தகவல் மாலை 6 மணிக்கு" என்று எழுதலாம். ஆறு மணிக்குச் சேதி ஏதும் இல்லாவிட்டாலும், இன்னும் தெரியவில்லை, அடுத்தது 9 மணிக்கு என்று ஒரு வரி அனுப்ப வேண்டும். சொன்ன நேரம் தள்ளிப்போகிறது என்றால், அந்த நேரம் கடப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். பத்து மணி என்று சொல்லிவிட்டுப் பதினொன்றரைக்கு வருத்தம் தெரிவிப்பதில் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

மாற்று வழி பற்றி அந்தச் செய்தியில் ஒரு சொல்கூட இல்லை. செல்போன் டேட்டா இருக்கிறவர் அதை ஹாட்ஸ்பாட் போட்டு கம்ப்யூட்டரில் வேலை பார்க்கலாம், இது எல்லாருக்கும் தெரியுமே என்பார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. சில செல்போன் டவர்களும் இதே மாதிரிக் கேபிளில்தான் தொங்குகின்றன. அன்று அதே கம்பெனியின் சிம் வைத்திருந்தவர்களுக்குச் செல்போன் டேட்டாவும் இழுக்கவில்லை. மற்ற கம்பெனி சிம்கள் ஓடின. மாற்று வழியை எழுதுகிறவர், அந்த வழி திறந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

செய்யக் கூடாததையும் சொல்ல வேண்டும். எதிர்வீட்டில் ஒரு பேங்க் ரிடையர்டு மேனேஜர். பொறுமையிழந்து, பெட்டியின் பின்னால் இருக்கும் சின்னத் துளையில் ஊக்கைவிட்டு ரீசெட்டை அழுத்திவிட்டார். பெட்டிக்குள் போட்டு வைத்திருந்த யூசர் நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்தது. தெருவுக்கே 9:10க்கு நெட் வந்தது, அவருக்கு மட்டும் ஆள் வந்து போட்டுக் கொடுத்து மூன்றாம் நாள் வந்தது. "ரீசெட் வேண்டாம்" என்ற இரண்டு சொல் அவருக்கு இரண்டு நாளை மிச்சப்படுத்தியிருக்கும். பெட்டியில் LOS என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக மின்னினால் வெளியிலிருந்து ஒளி வரவில்லை, நீங்கள் என்ன தட்டினாலும் பிரயோஜனமில்லை என்று அர்த்தம். அது சிவப்பாக இல்லாமலே நெட் வரவில்லையென்றால் உங்கள் கோளாறு வேறு, தனியாகப் புகார் கொடுக்க வேண்டும்.

கடைசியில் என் பென்சில் பிரதி இப்படி நின்றது:

"சன்னதி தெரு, மாட வீதி: நெட், போன் 14ஆம் தேதி இரவு 10 வரை இல்லை. அதுவரை வேறு கம்பெனி சிம்மில் செல்போன் டேட்டா ஓடும். அவசரத்துக்குச் செல்போனில் 112. பெட்டியை ரீசெட் செய்ய வேண்டாம். அடுத்த தகவல் மாலை 6 மணிக்கு. காரணம்: கால்வாய் வேலையில் கேபிள் அறுந்தது. வருந்துகிறோம்."

முதல் வாக்கியம் போன் கணக்கில் 63 இடம். ஒற்றைக் குறுஞ்செய்திக்குள் அடங்கிவிடுகிறது. பாக்கியெல்லாம் போகாமல் இது மட்டும் போனாலும் டீச்சருக்கு விஷயம் தெரிந்திருக்கும். காரணத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டாயே, அது உண்மையை ஒளிப்பதில்லையா என்று என் மகள் கேட்டாள். ஒளிக்கவில்லையே, "மூன்றாம் தரப்பினரின் பணியின்போது ஏற்பட்ட சேதத்தின் விளைவாக" என்பதைவிட "கால்வாய் வேலையில் கேபிள் அறுந்தது" எவ்வளவு பச்சையாக இருக்கிறது! ஆனால் காரணம் தெரிந்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒட்டப் போகிறவன் நானில்லை.

இந்தத் தாளை எடுத்துக்கொண்டு மறுநாள் கம்பெனியின் கிளை அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பையன் நல்லவன். முழுக்கப் படித்தான்.

"நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா டைம் போட்டா, அந்த டைமுக்கு வரலைன்னு சண்டைக்கு வருவாங்க சார்."

"டைம் போடாததனால இன்னிக்கு யாரும் சண்டைக்கு வரலையா தம்பி?"

சிரித்தான். காலையிலிருந்து அவன் போன் ஓயவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. முதல்நாள் வந்த அழைப்பெல்லாம் எப்ப வரும், எப்ப வரும் என்பதுதானாம். "விரைவில்" என்று எழுதி மிச்சம் பிடித்த வேலை அத்தனையும் இவன் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

அடுத்து அவன் சொன்னது கொஞ்சம் வலுவானது. "டெம்ப்ளேட் சார். இஷ்டத்துக்கு மாத்த முடியாது. ரிஜிஸ்டர் பண்ணினதைத்தான் அனுப்ப முடியும்." அது நிஜம்தான். டிராய் 2018இல் கொண்டுவந்த விதிப்படி, கம்பெனிகள் மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்தியின் வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். மோசடிச் செய்திகளைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த வாசகத்தில் மாறும் விவரங்களுக்குக் காலியிடம் விட்டுப் பதிவு செய்ய வழி இருக்கிறது. பேங்கிலிருந்து உங்களுக்கு வரும் செய்தியில் தொகையும் தேதியும் தினமும் மாறுவது அப்படித்தானே. "______: நெட், போன் ______ வரை இல்லை" என்று கோடிட்ட இடமாக ஒருமுறை பதிவு செய்துவிட்டால், தெருவையும் நேரத்தையும் அன்றன்று நிரப்பி அனுப்பலாம். பள்ளிக்கூடத்தில் நிரப்பாத கோடிட்ட இடமா? விதி தடுக்கவில்லை. பதிவு செய்த அன்று யாரோ வணக்கத்தையும் குறிக்கோளையும் போட்டுக் கோட்டைப் போட மறந்திருக்கிறார்கள்.

இதைச் சொன்னதும் பையன் தாளைத் திருப்பிப் பார்த்தான். "இதை நான் மேல அனுப்பறேன் சார்" என்றான். தாளைப் போட்டோ எடுத்துக்கொண்டான். பெயர், நம்பர் எழுதித் தரச் சொன்னான், தந்தேன்.

டீச்சர் இப்போது செல்போனை அலமாரியில் வைப்பதில்லை. டாக்டர் நம்பரையும் என் நம்பரையும் அதில் நான்தான் ஏற்றிக் கொடுத்தேன். லேண்ட்லைன் பக்கத்தில் ஒரு அட்டையில், "சிவப்பு விளக்கு மின்னினால் இந்தப் போன் பேசாது" என்று ஸ்கெட்ச் பேனாவில் தன் அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்.

போன வாரம் மறுபடி நெட் போனது. செய்தி வந்தது. "அன்பார்ந்த வாடிக்கையாளரே, வணக்கம்" என்றுதான் தொடங்கியது, குறிக்கோளும் இருந்தது, போர்க்காலமும் இருந்தது. ஆனால் கீழே, வருந்துகிறோம் என்பதற்கு ஒரு வரி முன்னால், "உத்தேசமாக இரவு 8 மணி" என்று இருந்தது. எட்டேகாலுக்கு வந்தது. பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன்.